ஒற்றைப் பெயரில் ஒரு பயணி

நடந்தவை இவை.

1. மஸ்கட்டில் சாரத்திலிருந்து விழுந்த ஒருவர் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தார். மாங்காட்டில் இருந்த மனைவிக்கு விசா கிடைத்துவிட்டது.
2. அங்கே அவருடன் அறையில் தங்கியிருந்தவர் இணையத்தில் டிக்கெட் எடுத்து அனுப்பினார்.
3. இணையப் படிவத்தில் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவதைக் காலியாக விட முடியவில்லை. அதில் கணவர் பெயரைப் போட்டார்.
4. பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் மனைவியான அந்த அக்காவுக்கு ஒரே பெயர்தான். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.
5. விமானம் அன்று மாலை.

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே, நான் வேலை செய்யும் டிராவல்ஸ் கடைக்கு டிக்கெட்டை அச்செடுக்கத்தான் வந்திருந்தார்கள். அக்காவும், ஆட்டோ ஓட்டும் கொழுந்தனாரும். அச்செடுக்கும் முன் பாஸ்போர்ட்டை வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது என் பழக்கம்.

“இதுல போக விடமாட்டாங்கக்கா. டிக்கெட்ல ரெண்டு பேர் இருக்கு, பாஸ்போர்ட்ல ஒண்ணுதான் இருக்கு.”

“ரெண்டாவது அவரு பேருதானம்மா. ரேஷன் கடையில, பேங்க்ல எல்லாம் அப்டிதான் கூப்புடுவாங்க.”

“கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த பாஸ்போர்ட்டா?”

“ஆமா. அப்பா பேரோட மொத எழுத்த மட்டும் போட்டு எழுதிக் குடுத்தேன். வெறும் எழுத்து ஆவாதுன்னு எடுத்துட்டாங்க.”

கொழுந்தனார் மஸ்கட்டில் டிக்கெட் எடுத்தவருக்கு ஃபோன் போட்டு, பேசுவது எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

“இன்னா மச்சான், பேர இப்டி போட்டு வெச்சிகீற?”

“கடைசிப் பேரு குடுக்காம உட மாட்டேன்னுச்சு மச்சான். உங்க அண்ணன் பேர்தான போட்டேன், எதிர் ஊட்டுக்காரன் பேரயா போட்டேன்?”

அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டால், அவளைத் தெரிந்த யாரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். தனிப்பெயர்க்காரர்களுக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறது. சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். சிலர் இருக்கும் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, முதல் கட்டத்தில் ‘முதற்பெயர் இல்லை’ என்பதற்கான மூன்றெழுத்துக் குறியைப் போடச் சொல்வார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால் எளிதாகத் திருத்திவிடலாம். ஒரு முழுப் பெயரையே எடுப்பதென்றால், ஆளை மாற்றுகிறோமோ என்று சந்தேகப்படுவார்கள்.

எங்கள் கடையில் எடுக்காத டிக்கெட்டில் நான் கைவைக்க முடியாது. அதை விற்ற இணையதளம்தான் திருத்தம் கேட்க வேண்டும். அதன் உதவி எண்ணை அழைத்துக் காத்திருந்தேன். பாஸ்போர்ட், விசா நகல்களை அனுப்பினேன்.

அக்கா பையைத் திறந்து மடித்த லுங்கிகளை ஒருமுறை வெளியே எடுத்தார், மறுபடி வைத்தார்.

“எந்திரிச்சா கட்டிக்க லுங்கி கேப்பாரு,” என்றார். நான் தலையாட்டினேன்.

மதியத்துக்குமேல் பதில் வந்தது. சென்னையிலிருந்து மும்பை போகும் விமானத்தின் நிறுவனம் திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டது. மும்பையிலிருந்து மஸ்கட் போவது வேறு நிறுவனத்தின் விமானம். அவர்கள் மறுத்துவிட்டார்கள். ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்கச் சொன்னார்கள்.

“அப்போ பாதி தூரம் வரைக்கும் எங்க அண்ணி வேற ஆளு இல்ல, மீதி தூரத்துக்கு மட்டும் வேற ஆளா?” என்றார் கொழுந்தனார்.

“பாம்பே வரைக்கும் போயிடட்டுமா? அங்க அழுது கேக்கறேன்,” என்றார் அக்கா.

“அங்க நிறுத்திட்டா தனியா மாட்டிப்பீங்கக்கா.”

அன்று எந்த வழியிலும் இடம் இல்லை. மறுநாள் காலை நேரடி விமானத்தில் ஓர் இடம் இருந்தது. அந்த நிறுவனத்தின் முறையைப் படித்து, அக்காவின் பெயரை இரண்டாவது கட்டத்திலும், மூன்றெழுத்துக் குறியை முதலிலும் இட்டு எடுத்தேன். அக்கா அச்சுத்தாளைப் பார்த்தார்.

“அவரு பேர எடுத்துட்டியாம்மா?”

“ஆமாக்கா. இப்போ சரியா இருக்கு.”

மறுநாள் விமான நிலையத்தில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று கொழுந்தனார் பிறகு சொன்னார். அக்கா விமானத்தில் இருந்தபோது அங்கே கணவரின் மூச்சு நின்றுவிட்டது. முதல் டிக்கெட்டில் போயிருந்தால் அக்கா முந்தைய இரவே மஸ்கட்டில் இறங்கியிருப்பார். பிணவறையில் அவர் முகத்தைப் பார்க்க விட்டார்கள்.

இப்போதைய நிலை இது. அவரை மாங்காட்டில் அடக்கம் செய்துவிட்டார்கள். அக்கா போன மாதம் கடைக்கு வந்து, பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்க்க வேண்டும் என்றார். எந்த ஊருக்கும் போகும் எண்ணம் இல்லை என்றும் சொன்னார். கல்யாணம் பதிவு செய்யப்படவில்லை. வேறு என்ன சான்று கொடுக்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பாஸ்போர்ட்டில் இன்றுவரை ஒரே பெயர்தான் இருக்கிறது.