என் சொல்லைக் கேட்காத விமானம்

நான் இறங்கச் சொன்ன விமானம் ஒன்று ஒரு மழைக்கால மதியத்தில் மாமல்லபுரத்துக்கு மேலே ஏறிப் போனது. அதை ஓட்டியவர் மீது எனக்கு அன்றைக்குப் பிறந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

விமான நிலையத்தில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விமானங்களுக்கு வழியும் உயரமும் சொல்வது என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் படாளத்தில் மற்றவர்கள் வயலில் கூலி வேலை செய்தவர்கள். இப்போது அப்பா கூடுவாஞ்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. அம்மாவுக்கு ஐ.டி. கம்பெனி ஒன்றில் துப்புரவு மேற்பார்வை. நான் தேர்வில் தேறி, தனியாக நாற்காலியில் உட்கார அனுமதி பெற்றபோது, அம்மா தெரு முழுக்க ஒரே வசனத்தைச் சொல்லி வைத்திருந்தாள்: “எம் பொண்ணு சொன்னாதான் ஏரோப்பிளேன் ஏறும், எம் பொண்ணு சொன்னாதான் எறங்கும்.”

அதை நான் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அன்று கடலோரமெங்கும் இடிமேகம். திருப்போரூரிலிருந்து கல்பாக்கம் வரைக்கும் திரையில் மேகத்தின் நிறம் அப்பிக் கிடந்தது. மேகத்துக்குள் நுழைய எந்த விமானிக்கும் விருப்பமில்லை. இடப்பக்கம் விலகட்டுமா, வலப்பக்கம் விலகட்டுமா என்று ஆளாளுக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே அலைவரிசையில்தான் பேச வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவரும் பொத்தானை அழுத்தினால் இரண்டு பேச்சும் கெட்டு, காதில் கீச்சென்ற சத்தம் மட்டும் விழும்.

தெற்கேயிருந்து வந்த விமானம் ஒன்று பத்தாயிரம் அடியில் நேராகப் பறந்துகொண்டிருந்தது. எங்கள் ஓடுபாதையிலிருந்து கிளம்பிய இன்னொன்று அதற்கு எதிரே ஏறிக்கொண்டிருந்தது. ஏறுவதை ஒன்பதாயிரத்தில் நிறுத்தச் சொன்னேன். “ஒன்பதாயிரம்” என்று விமானி திருப்பிச் சொன்னார். நாங்கள் சொல்வதை அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், அது சரியா என்று நாங்கள் கேட்க வேண்டும். இரண்டும் ஒழுங்காக நடந்தது. நடுவில் ஆயிரம் அடி இடைவெளி. அது போதும்.

திரையில் ஒவ்வொரு விமானத்தின் பக்கத்திலும் அதன் உயரம் நூறுகளில் ஓடும்; ஒன்பதாயிரம் என்றால் தொண்ணூறு. ஏறுகிற விமானத்தின் எண் தொண்ணூற்றில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. தொண்ணூற்று மூன்று என்று மாறியது. பக்கத்திலிருந்த அம்பு இன்னும் மேலே காட்டியது. இரண்டு விமானங்களின் எண்களும் சிவப்பாகிச் சிமிட்டத் தொடங்கின.

ஏறுவதை நிறுத்தச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். அதே நொடியில் மூன்றாவது விமானம் ஒன்று மேகத்தைப் பற்றி நீளமாகப் பேச ஆரம்பித்தது. கீச்சென்ற சத்தம். நான் சொன்னது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

அந்தப் பேச்சு முடிந்ததும் மறுபடி அழுத்தினேன். அப்போது திரையில் தொண்ணூற்றேழு. இன்னும் கீழேதான் இருக்கிறது, கீழேயே தள்ளிவிடலாம். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தபடியே, குரலை உயர்த்தாமல், “உடனே ஒன்பதாயிரத்துக்கு இறங்குங்கள்” என்றேன்.

ஒரு பெண்குரல் பதில் சொன்னது. “முடியாது. டீகாஸ் ஆர்.ஏ.”

இதைப் படிப்பவர்களுக்கு அந்தச் சொற்களின் கனம் தெரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டீகாஸ் என்பது விமானத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு கருவி. தரையில் இருக்கும் எங்களை அது நம்பியிருப்பதில்லை. சுற்றியுள்ள விமானங்களை நொடிக்கொரு தரம் போல அதுவே கேட்டுக்கொண்டிருக்கும். அவற்றின் கருவிகள் தங்கள் உயரத்தைப் பதிலாக அனுப்பும். பதில் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். எவ்வளவு தூரம் என்பதைவிட, சந்திக்க எத்தனை நொடி என்பதுதான் அதற்கு முக்கியம். நொடிகள் குறைந்தால் முதலில் “ட்ராஃபிக், ட்ராஃபிக்” என்று எச்சரிக்கும். இன்னும் குறைந்தால் “ஏறு” என்றோ “இறங்கு” என்றோ கட்டளையே போடும். அந்தக் கட்டளைக்குப் பெயர்தான் ஆர்.ஏ. இடது, வலது என்று அது எப்போதும் சொல்லாது. இரண்டு விமானத்திலும் கருவி இருந்தால் இரண்டும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளும். ஒன்று ஏறச் சொன்னால் மற்றது இறங்கத்தான் சொல்லும்.

நான் என்ன சொன்னேன் என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. அது என்ன சொன்னது என்பது விமானி வாய் திறக்கும்வரை எனக்கும் தெரியாது. அதனால்தான் விதி இப்படி இருக்கிறது: இரண்டும் முரண்பட்டால் விமானி கருவியைத்தான் கேட்க வேண்டும். அவர் சொல்லிவிட்ட பிறகு, ஆபத்து நீங்கியது என்று அவரே சொல்லும்வரை, அந்த விமானத்துக்கு நான் எந்தக் கட்டளையும் தரக் கூடாது.

விதியைத் தேர்வில் அடி பிசகாமல் எழுதியிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அது வேறு மாதிரி இருந்தது. இன்னும் ஒரு தரம் “இறங்கு” என்று சொல்ல நாக்கு துடித்தது. திரையில் அந்த விமானம் எதிரில் வருவதன் உயரத்துக்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டிலும் சேர்த்து முந்நூறு பேராவது இருப்பார்கள்.

“ரோஜர்” என்றேன். கேட்டுக்கொண்டேன் என்று மட்டுமே அதற்குப் பொருள். பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

எங்கள் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். திருநெல்வேலிக்காரர், சாதாரண நாளில் வாய் ஓயாத மனிதர். அன்று அவரும் பேசவில்லை. பத்தாயிரத்தில் வந்த விமானமும் “டீகாஸ் ஆர்.ஏ.” என்றது. அதற்கும் “ரோஜர்” மட்டும். மாமல்லபுரத்துக்குச் சற்றுக் கிழக்கே, கடலுக்கு மேலே, இரண்டு புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாய் ஏறின. எண்கள் கலந்து, எது எதனுடையது என்று படிக்க முடியாமல் போயிற்று. நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

புள்ளிகள் பிரிந்தன. ஏறியது நூற்றாறு. மற்றது தொண்ணூற்றைந்து.

“ஆபத்து நீங்கியது” என்றது அந்தப் பெண்குரல். எதிரே வந்த விமானமும் அதையே சொல்லி, பத்தாயிரத்துக்குத் திரும்புவதாக அறிவித்தது. அப்போதுதான் விமானங்கள் மறுபடி என் கைக்கு வந்தன. ஏறியதைப் பதினோராயிரத்தில் நிறுத்தினேன். குரல் நடுங்கவில்லை. அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

“எந்திரிம்மா” என்றார் மேற்பார்வையாளர். “வேற ஆள் உக்காரட்டும். டீ குடி போ.”

அது தண்டனை இல்லை, வழக்கம். ஆனால் விசாரணை முடிந்து அனுமதி கிடைக்கும்வரை நாற்காலி கிடையாது. கிடைக்காமலே போகவும் கூடும். விசாரிப்பவர்கள் பதிவை ஓட்டிப் பார்ப்பார்கள். நான் எப்போது பார்த்தேன், இன்னும் முன்னால் பார்த்திருக்க முடியுமா, ஆர்.ஏ. என்று கேட்ட பிறகு வாயைத் திறந்தேனா, எல்லாம் அதில் இருக்கும்.

சாயங்காலமே எங்கள் அறைக்குத் தொலைபேசி வந்தது. அந்த விமானத்தின் கேப்டன்.

“நான்தான் உங்களுக்கு முடியாதுன்னு சொன்னவ” என்றார். கோயம்புத்தூர்ப் பேச்சு. “தப்பு எங்க மேலதானுங்க. தெனமும் இந்த ரூட்ல பதினோராயிரந்தான் குடுப்பீங்க. வாயில ஒம்போதுன்னு சொல்லிட்டு, கை பழக்கத்துல ஆட்டோ பைலட்ல பதினொன்ன வெச்சுருச்சு. ரெண்டு பேருமே மேகத்தப் பாத்துட்டு இருந்தோம். எழுதிக் குடுத்துட்டேன்.”

“நான் இறங்கச் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா மேடம்?”

“நல்லாக் கேட்டுச்சுங்க. அது ஏறுன்னு கத்துது, நீங்க எறங்குங்கறீங்க. எங்கூட இருந்த கோ-பைலட் தம்பி ஒரு செகண்ட் என்னையப் பாத்தான். நான் ஆட்டோ பைலட்ட எடுத்துட்டு மூக்கத் தூக்கிட்டேன்.” பிறகு சொன்னார்: “நீங்க திரும்ப சொல்லியிருந்தா அந்தத் தம்பி தடுமாறியிருப்பானோ என்னமோ. சொல்லல பாருங்க, அதுக்குத்தான் போன் பண்ணேன்.”

அன்றிரவு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் தம்பி மறைமலை நகரில் கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அப்ப மிஷினு சொல்றததான் கேப்பாங்களா? ஒனக்கு இன்னாத்துக்குக்கா சம்பளம்?”

“தெனமும் ஒழுங்கா போவுதே, அதுக்குடா. அது கத்தாம இருக்கறதுக்குத்தான் நாங்க.”

“இன்னைக்கு கத்திச்சே.”

“கத்திச்சு. அதான் எல்லாரும் வூடு போய் சேந்தாங்க.”

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றாள். “நீ சொல்லிகினு கீறே, அவ மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்றா. ஒனக்குக் கோவம் வர்ல?”

“வர்லம்மா. எனக்குத் தெரியறது கொஞ்சம் பழசு. ரேடார் சுத்தி வரணும், நான் பாக்கணும், பேசணும், அவங்க கேக்கணும். அதுக்குள்ள பிளேன் வேற எடத்துல கீது. அந்தப் பொட்டிக்கு அப்பப்ப தெரியும்.”

அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். “முடியாதுன்னு சொன்னதுக்கு அவள யாரும் வேலைய வுட்டுத் தூக்க மாட்டாங்களா?”

“எம் பேச்சக் கேட்டிருந்தாதான் தூக்கியிருப்பாங்க.”

“அடிப் பாவி” என்றாள் அம்மா. அதில் இருந்தது கோபமில்லை. வயலிலும் சரி, கம்பெனியிலும் சரி, மேலிருப்பவர் சொன்னதற்கு ‘முடியாது’ என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்வதையே கடமையாக வைத்திருக்கும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பது அவளை என்னவோ செய்தது. விமானத்தை விட்டுவிட்டு அந்தக் கேப்டனைப் பற்றியே கேட்டாள். வயசு என்ன, பிள்ளைகள் இருக்கிறார்களா, யாரிடம் படித்தாள்.

விசாரணை நாளில் பதிவை ஓட்டினார்கள். மூன்று அதிகாரிகள், நான், ஓர் ஓரத்தில் எங்கள் மேற்பார்வையாளர். என் முதல் கட்டளை கீச்சில் அழிவதைக் கேட்டோம். இரண்டாவது தெளிவாக இருந்தது. விமானத்திலிருந்து எடுத்த பதிவை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். நான் “இறங்குங்கள்” என்று முடித்தபோது அந்த விமானம் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. இறங்கியிருந்தால், இறங்கிக்கொண்டிருந்த மற்றதோடு சேர்ந்தே இறங்கியிருக்கும்.

 அப்புறம் என் “ரோஜர்.” அதன் பிறகு நீண்ட மௌனம். ஓர் அதிகாரி அந்த மௌனத்தை இரண்டாம் முறை ஓட்டச் சொன்னார். அதில் கேட்பதற்கு எதுவுமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இவ்ளோதான் வேணும்” என்றார்.

வெளியே வந்ததும் மேற்பார்வையாளர் பழைய ஆளாகிவிட்டார். “ஏ பிள்ள, பேசாம இருந்ததுக்கு நல்ல பேரு வாங்குன ஆளு எங்க குடும்பத்துல ஒருத்தர் கெடையாது, கேட்டியா. நாளைக்கு மத்தியான ஷிஃப்ட், வந்துரு.”

ரயில் நிலையத்தில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் வேலையில் இருந்தாள். பின்னால் தரை தேய்க்கும் மிஷின் இரைந்தது.

“இன்னாடி ஆச்சு?”

“குடுத்துட்டாங்கம்மா. நாளைக்குப் போறேன்.”

மிஷினை யாரோ நிறுத்தினார்கள். அவள்தான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

“அப்ப சோறு கட்டணும்” என்றாள்.