ஆர்லனின் தனிக் கணக்கு

துவைக்கப் போடுமுன் ஆர்லனின் சட்டைப் பைகளைத் துழாவுவது அவன் மனைவி மார்லிஸ்தான். ஒரு போல்ட், கசங்கிய இருபது டாலர் நோட்டு, உதிரிபாகக் கடை ரசீது என்று ஏதாவது வரும். அமெரிக்காவின் துலூத் நகரில் வேலை பார்த்த காகித ஆலை மூடிய பிறகு, வீட்டு கராஜில் பனி தள்ளும் இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான் ஆர்லன். கை நல்ல கை.

கூலிப் பணத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை கடைக்குப் போவான். பெரிய பன்றித் தொடையும் காபியும் வாங்கிவந்து மேசையில் வைத்து, “இந்த வாரச் சாப்பாடு பனி போட்டது” என்பான். பக்கத்து வீட்டுக்காரனான நானும் அதைச் சாப்பிட்டிருக்கிறேன். பள்ளிச் சமையலறையில் மார்லிஸ் வாங்கும் சம்பளத்தைப் பற்றி அந்த மேசையில் பேச்சே வந்ததில்லை.

வரிக் கணக்குப் போட்டுத் தந்த பெண், எது வீட்டுச் செலவு, எது தொழில் செலவு என்று கேட்டபோது இருவரும் முழித்தார்கள். தனியாக ஒரு வங்கிக் கணக்கு, ஒரு நோட்டு போதும் என்றாள் அவள். கூலி முழுதும் அந்தக் கணக்குக்குப் போக வேண்டும். உதிரிபாகம், எண்ணெய் எல்லாம் அதிலிருந்து மட்டுமே. வீட்டுக் கணக்கின் வங்கி அட்டையைத் தொடக் கூடாது. மாதக் கடைசியில் மிஞ்சினால் வரிக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, மீதியை வீட்டுக்கு மாற்றலாம்.

ஆர்லனுக்கு உற்சாகம். தன் சம்பாத்தியம் இனிக் கண்ணுக்குத் தெரியும் என்று என்னிடமே சொன்னான். வீட்டுப் பணத்தில் இருநூறு டாலர் முதலாகப் போட்டு, அதையும் நோட்டில் எழுதினான்.

ஜனவரியில், வேலை குவிந்திருந்த வாரத்தில், உதிரிபாகக் கடையில் அந்தப் புதுக் கணக்கின் அட்டை செல்லவில்லை. வங்கி தப்புப் பண்ணிவிட்டது என்று ஏசிக்கொண்டே வந்தான். துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்த மார்லிஸ் ஒருபக்கம், காபியோடு நான் ஒருபக்கம். வங்கித் தாளை நோட்டோடு வரிவரியாக ஒப்பிட்டான். தப்பே இல்லை. முப்பத்தெட்டு டாலர் கார்புரேட்டரை மாட்டிவிட்டு, கூலியோடு சேர்த்தே நாற்பதுதான் வாங்கியிருந்தான். தெருவிலிருக்கும் லிண்ட்க்விஸ்ட் கிழவியின் இயந்திரத்துக்குப் புது பெல்ட். வரவுப் பக்கத்தில் ‘ஆப்பிள் கேக்’.

“அந்தக் கேக்க கணக்குல போட்டியாடா?” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

“கூலிய ஏத்திக்கலாம் ஆர்லன்,” என்றாள் மார்லிஸ்.

“ஏத்தலாம். முன்னெல்லாம் பார்ட்ஸ் எந்தக் காசுல வாங்கினேன்?”

“வீட்டு அட்டைல.”

“அதுல உன் சம்பளம்தானே விழுது.”

“நம்ம காசுதானே. இப்ப எதுக்கு அது?”

அவன் நோட்டை மெல்ல மூடினான். “ஆறு வருஷமா சனிக்கிழம சனிக்கிழம கொண்டாந்து வச்சேனே. அது நான் வாங்கினதா மார்லிஸ், நீ வாங்கினதா?”

ஆறு வருஷமாக அவன் பைகளிலிருந்து கடை ரசீதுகளை எடுத்துவந்த அவள், மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்லன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி, வெளியே போனான்.