அட்டையைத் திருப்பிப் பார்க்காத டாக்டர்

ஜூலை 9, காலை பத்து நாற்பது, தூறல். ஆரணியில் டாக்டர் என் ரத்த அழுத்தத்தை அளந்தார், 170க்கு 100. மாதம் நானூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய கம்பெனி மாத்திரையை விட்டு, ஜெனரிக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"மலிவு மாத்திரை சாப்பிட்டா இப்படித்தான் ஏறும். பழையதையே வாங்குங்க பெரியவரே," என்றார். அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய அட்டையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

"பழையதுல டெல்மிசார்டன் நாற்பது மில்லிகிராம், அம்லோடிபின் அஞ்சு மில்லிகிராம், ரெண்டும் இருக்குங்க. புதுசுல டெல்மிசார்டன் மட்டும்தான். ஒரு மருந்தே இல்லாம போனா ஏறாதா? விலை மேல ஏன் பழி போடறீங்க?"

டாக்டர் வாங்கிப் படித்தார். "அம்லோடிபினும் வேணும்தான்," என்று முணுமுணுத்தவர், மறுபடி கம்பெனிப் பெயரையே எழுதப் போனார்.

"மருந்துப் பேரையே எழுதுங்க."

"அடுத்து என் நாற்காலியையும் கேப்பீங்க போல," என்றபடி எழுதினார்.

ஜெனரிக் கடைக்காரரோ, "ரெண்டும் சேர்ந்த மாத்திரை நீங்க போன மாசம் வந்த அன்னிக்கு ஸ்டாக் இல்லீங்க," என்றார், அதுவும் சிரிச்சிகினு. அதை அன்றைக்கே சொல்ல வாய் வலித்ததா?

டாக்டருக்கு முந்நூறு, டெல்மிசார்டன் நாற்பது, அம்லோடிபின் பதினெட்டு. ஆக முந்நூற்று ஐம்பத்தெட்டு ரூபாய்.