கொக்கிகள் உதிர்ந்த புத்தகம்

பிற்பகல் மூன்று இருபதுக்கு வார்டிலிருந்து போன் வந்தது. நான் அப்போது அச்சகத்தில், கணினியில் பக்கம் கோர்ப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அக்கா திருத்தித் தந்த தாள்களை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தேன். “கொஞ்சம் உடனே வர முடியுமாம்மா?” என்று மட்டும் நர்ஸ் கேட்டார். பத்து நாளாக அவர் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அக்கா இருபத்தாறு வருடம் அந்த அச்சகத்தில் பிழை திருத்தினாள். எட்டுக்கு ஆறு அடி அறை, சுவரைப் பார்த்த மேசை, ஒரு மர அளவுகோல். அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வரியாகத்தான் இறக்குவாள். வீட்டிலும் அதே பழக்கம். மருந்துப் பெட்டி, மின்கட்டண ரசீது எதையும் விடமாட்டாள். ஒருமுறை கோபத்தில் நான் அவளுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் இரண்டு சந்திப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, கீழே “மற்றபடி சரி” என்று எழுதியிருந்தாள்.

அச்சகத்தில் அவளுக்குக் ‘கொக்கி அக்கா’ என்று பெயர். ஆங்கிலத்தில் உடைமையைக் காட்ட எழுத்தின் தலைமாட்டில் தொங்குமே ஒரு குறி, அதை அங்கே எல்லோரும் கொக்கி என்பார்கள். அது விட்டுப்போனால் “கொக்கி எங்கப்பா?” என்று உள்ளிருந்தே குரல் வரும்.

அவள் கடைசியாகக் கையெழுத்திட்டது ஐந்தாம் வகுப்பு ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகம். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகு யாரும் எதையும் தொடக் கூடாது என்பது அங்கே விதி. அடுத்த வாரமே இதயம் பலவீனமாகி, காலெல்லாம் நீர் கோர்த்து, ஆஸ்பத்திரியில் படுத்தாள்.

ஏழாம் நாள் பக்கம் கோர்ப்பவர் வந்தார். நாற்பது வயது மனிதர், கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றார்.

“என்னப்பா, திங்க ஏதாவது வாங்கிட்டு வருவேன்னு பாத்தா தாளைத் தூக்கிட்டு வந்திருக்க?” என்றாள் அக்கா.

“அக்கா... திட்டாதீங்க. புது மென்பொருளுக்கு மாத்துனேன். எழுத்துரு ஒத்துக்கல. கொக்கி பூரா உதிர்ந்துபோச்சு.”

“எத்தனை பக்கம்?”

“பூரா புத்தகமும்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். “பழைய ஃபைல்?”

“அது மேலதான் சேமிச்சுட்டேன்.”

“என் புரூஃப்?”

மாதக் கடைசியில் திருத்தி முடித்த பழைய புரூஃப் தாள் கட்டுகளை எடைக்குப் போடுவது அங்கே வழக்கம். மாதம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நூலை எழுதிய ஆசிரியை கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருந்தார். அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“நானே கொஞ்சம் சரி பண்ணிட்டேன்க்கா,” என்றார் பக்கம் கோர்ப்பவர், ஆறுதலாக. “its வர்ற இடத்துல எல்லாம் ஒரே தட்டுல கொக்கி வச்சுட்டேன். நாப்பத்தொரு இடம்.”

அக்கா எழுந்து உட்காரப் பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

“பாவி! அப்போ பூனை it's பாதத்தை நக்குதா?”

“பூனையோட பாதம்தானேக்கா? அதோடதுன்னா கொக்கி வரணுமே.”

“his-க்கு வச்சியா? hers-க்கு வச்சியா? அப்புறம் இதுக்கு மட்டும் என்ன விசேஷம்? it is, இல்லன்னா it has சுருங்கினாத்தான் அங்க கொக்கி. விழுந்த எழுத்து இருந்த இடம்டா அது. உடைமைக்கு its வெறுங்கழுத்துதான்.”

மருந்து கொடுக்க வந்த நர்ஸ், “பூனைக்குக் கழுத்துல என்ன போட்டா உங்களுக்கு என்னம்மா? நீங்க மூச்சை ஒழுங்கா விடுங்க” என்றார். அக்கா சிரித்து, சிரிப்பு இருமலாகி, அரை மணி நேரம் ஆக்சிஜன் முகமூடி போட வேண்டியதாயிற்று.

முகமூடியைக் கழற்றியதும் தாளைக் கேட்டாள். வெள்ளிக்கிழமை அச்சேற்றியாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டிருந்தார்.

“நீ கையெழுத்துப் போட்டப்போ சரியாத்தானே இருந்துச்சு? உன்மேல யாரும் குறை சொல்லப் போறதில்ல, விடு,” என்றேன்.

“என்னை யாருடி சொல்லப் போறா? சரியா எழுதுன பிள்ளைக்கு மார்க் போகும். அது புத்தகத்தைச் சந்தேகப்படாது. தனக்குத்தான் தெரியலன்னு நினைச்சுக்கும்.”

நான் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

மூன்று நாள் திருத்தினாள். அளவுகோல் இல்லாததால் என் கைபேசியின் விளிம்பை வரிக்குக் கீழே பிடித்தேன். பென்சில் அவள் கையில் நிற்கவில்லை. அவள் சொல்ல, நான் குறித்தேன். நானும் கல்லூரியில் படித்தவள்தான். விதி எனக்கும் தெரியும். ஒரு பையன் என்றால் s-க்கு முன்னால், boy's. பல பையன்கள் என்றால் s-க்குப் பின்னால், boys'. s சேராமலே பன்மையாகிவிட்ட சொற்களுக்கு மறுபடியும் s-க்கு முன்னால்: men's, women's, children's. இவ்வளவுதானே, நானே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. The students bags are wet என்று ஒரு வாக்கியம்; பைகள் ஈரமாகிவிட்டன. கொக்கி உதிர்ந்த பிறகு மாணவன் ஒருவனா பலரா என்று அந்த வாக்கியத்துக்கே தெரியவில்லை. கடைசிப் பக்கத்து விடைகளிலும் அதே கதி. கேள்வியும் பதிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. ஆசிரியை எதை நினைத்து எழுதினார் என்பது மூன்று முறை படித்த அக்காவின் நினைவில் மட்டும் இருந்தது.

“அது ஒரு பையன்தான். அடுத்த கேள்வியில அவன் அம்மா வந்து திட்டுவா,” என்பாள். “இது பல பேரு. ஆசிரியர்கள் அறை. பின்னாடி போடு.” சில இடங்களில் கண்ணை மூடிக்கொள்வாள். தூங்கிவிட்டாள் என்று தாளை எடுத்தால், “இருடி” என்பாள்.

வியாழக்கிழமை காலை அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் தாள்களை வாங்கி என் கையில் கொடுத்து, “இது வேண்டாமே இப்ப” என்றார். நான் பையில் வைத்துக்கொண்டேன். கடைசியான ஒன்பதாம் பயிற்சியில் பத்து வாக்கியங்கள், ஆறு முடிந்திருந்தன.

அவர் போனதும் அக்கா பையைக் காட்டினாள்.

“சாயங்காலம் பாத்துக்கலாம்க்கா.”

“முடிஞ்ச வரைக்கும் கொண்டுபோய்க் குடு. அவன் கணினியில ஏத்திட்டிருக்கட்டும். மிச்சத்தை நீ வந்ததும் சொல்றேன்.”

அதை நம்பித்தான் அச்சகத்துக்குப் போனேன்; அங்கேதான் அந்தப் போன் வந்தது. அன்று மட்டும் போகாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

முதலாளி நல்லவர். அக்கா போய் ஐந்தாம் நாள் வரை இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார். ஆறாம் நாள் பக்கம் கோர்ப்பவர் வீட்டுக்கு வந்தார். ஒன்பதாம் பயிற்சித் தாளை என் முன்னால் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நாளைக்கு மெஷின்ல ஏத்துறாங்க. நீங்க பாத்து வச்சுடுங்க. எங்க வச்சாலும் யாரும் கேக்க மாட்டாங்க.”

“நீங்களே வச்சிருக்கலாமே.”

“எனக்குக் கை வரலைங்க.”

ஏழாவது வாக்கியத்தில் குழந்தைகள் வந்தார்கள், children's, சந்தேகமில்லை. ஒன்பதாவதில் பறவை தன் கூட்டுக்குத் திரும்பியது. அவர் வைத்த கொக்கியை எடுத்து, its ஆக்கினேன். எட்டாவதில் my sisters room என்று இருந்தது. பத்தாவதில் the girls shoes. பென்சிலை s-க்கு முன்னால் கொண்டுபோனேன். பின்னால் கொண்டுபோனேன். ஆசிரியைக்கு மறுபடி போன் போட்டேன்; அடித்து ஓய்ந்தது. பக்கம் கோர்ப்பவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், இன்னொன்றும் கேட்டார்.

புத்தகம் மறுநாள் அச்சேறியது. எட்டாவதிலும் பத்தாவதிலும் கொக்கி வைக்கப்படவில்லை.