ஓடுவதைத் தொடாதே

அவளைக் கடைத்தெருவில் எல்லோரும் ‘தொடாதே அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை அவளுடையது. வேலை மேசைக்கு மேலே அவள் கைப்பட எழுதி ஒட்டிய அட்டை இருந்தது: ‘ஓடுவதைத் தொடாதே’. முன்பொரு நாள் மதர்போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுசாக ஏற்றிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போய், ஒரு மதர்போர்டு அவள் கண்ணெதிரே செத்துப்போனது. அன்று முதல் அந்த வேலைக்குக் கடையில் தடை.

தடையால் அடிபட்டது அவள் தம்பி. மெஷின் பூட்டுவதில் அவனைப்போல ஒருவன் கிடைப்பது கஷ்டம். கேபிளைக்கூடத் தலை வாரிப் பின்னியதுபோலக் கட்டுவான். போன வருஷம் புது ரக ப்ராசஸரும் புது போர்டும் போட்டு நாலு மெஷின் செய்தான். நாலும் திரும்பி வந்தன. கேம் திறந்து, படம் வருவதற்கு முன் ‘ஷேடர்கள் தயாராகின்றன’ என்ற வரிக்குப் பக்கத்தில் சதவீத எண் ஏறும்போதே பொத்தென்று மூடிக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் போதவில்லை என்று திரை சொல்லும். கார்டை மாற்றினாலும் அதே பல்லவிதான்.

பயாஸ் மாற்றிப் பார்க்கலாம் என்று தம்பி ஒரே ஒரு தடவை கேட்டான். அவள் அட்டையைக் காட்டினாள். அவன் நாலையும் பிரித்துப் பூட்டினான். பிறகு மறுபடி, மூன்றாம் முறையும். கடைசியில் வாடிக்கையாளர் முன்னாலேயே அவள் வாய் நழுவியது.

“உன் கைதான்டா சரியில்ல.”

அவன் ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்துவிட்டுப் போனான். இப்போது ஏதோ குடோனில் பெட்டி எண்ணுகிறான் என்று கேள்வி. அன்றிலிருந்து அந்தக் காலி நாற்காலி அவளை விடவில்லை. முதுகுக்குப் பின்னால் திருகு சுற்றும் சத்தம் கேட்கும். திரும்புவாள், யாரும் இருக்க மாட்டார்கள். பைத்தியம் பிடிக்கிறதோ என்று அவளே தன்னைக் கிண்டல் செய்துகொள்வாள். ஆனால் அந்த நாற்காலியில் யாரையும் உட்காரவிட்டதில்லை.

நாலு மெஷின்களில் ஒன்று பல் டாக்டருடையது. எட்டு மாதமாக வேறு வழியில்லாமல் அதிலேயே மல்லுக்கட்டியவர், ஒரு காலையில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். போர்டு கம்பெனி போன வருஷமே புது பயாஸ் வெளியிட்டிருந்ததாம், அவர் கண்ணில் இப்போதுதான் பட்டதாம். பழைய பதிப்பு இந்த ரக ப்ராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போக விட்டதாம், அதனால்தான் கேம் விழுகிறதாம். குறிப்பை போனில் காட்டினார். அதைப் படித்ததும் அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

பக்கத் தகட்டைக் கழற்றினாள். அதன் உள்புறத்தில் தம்பி கைப்பட எழுதி ஒட்டிய காகித நாடா இருந்தது. மூன்று முறை திரும்பி வந்த மெஷின். ஒரு முறைகூட அந்தத் தகட்டைத் திருப்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அட்டையைக் கிழித்துப் போட்டாள். மெஷினை யூபிஎஸ்ஸில் மாட்டி, போர்டின் மாடல் எண்ணைச் சரிபார்த்து, அதற்குரிய கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி பயாஸை மாற்றினாள். நூறு சதவீதம் ஆனபின் திரை இருண்டது. மெமரியைப் புதிதாகப் பழக்கிக்கொள்ள அது எடுக்கும் நேரம்தான் என்று தெரியும், ஆனாலும் அந்த மூன்று நிமிடமும் அவள் மூச்சு விட்டாளா என்பதே சந்தேகம். பிறகு வெளிச்சம் வந்தது. சிப்செட் டிரைவரையும் புதுசாகப் போட்டு, மெஷினை ஒருமுறை அணைத்து ஏற்றி, கேமைத் திறந்தாள்.

எண் எழுபது வரை ஏறி, பொத்தென்று மூடிக்கொண்டது.

ஸ்டாக்கில் இருந்த அதே ரகப் புது ப்ராசஸரைப் போட்டாள். அதே போர்டு, அதே கேபிள், தம்பி பூட்டிய அதே திருகுகள். மாலைவரை கேம் ஒரு தடவைகூட விழவில்லை. புது பயாஸ் இனி கெடாமல் காக்கும். எட்டு மாதம் அதிக வோல்டேஜில் வெந்துபோன ப்ராசஸரை அது மீட்காது. மாதக்கணக்கில் அவள் தடுத்ததால் வெந்தது. பழையதை வாரண்டிக்கு அனுப்புவதாக டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

நடந்ததை எல்லாம் சொன்னாள். தப்பு தன்னுடையதுதான், திரும்பி வா என்றாள். அந்தப் பக்கம் பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“வேணாம்க்கா. நான் இப்ப ஸ்க்ரூடிரைவரத் தொடுறதே இல்ல. நீ சொன்னத நான் நம்பிட்டேன்.”

அவள் தகட்டிலிருந்து நாடாவை உரித்தாள். அதை விளக்குக்கு நேராகப் பிடித்து வாசித்தாள்.

“‘ப்ராசஸர் புதுசு, பயாஸ் பழசு. கேம் விழுந்தா முதல்ல பயாஸ மாத்திப் பாக்கணும். பூட்டினதுல குறை இல்ல, ரெண்டு தடவ பாத்துட்டேன்.’”

“யார் எழுதினது?”

“நீதான்டா.”

மறுமுனையில் பெட்டிகளை இழுக்கும் சத்தம் நின்றது.

“கடைசி வரிய இன்னொரு தடவ படிக்கா,” என்றான் தம்பி.