சின்னையாவுக்கு ஒரு கோட்டு

இருதயமேரி எந்த ஸ்டுடியோவிலும் சம்பளத்துக்கு இருந்தவள் அல்ல. திருச்சிராப்பள்ளி பாலக்கரையில், வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் ஒரு சாய்வு மேஜை போட்டு, வீட்டிலிருந்தே போட்டோக்களைத் திருத்தும் ‘டச்சிங்’ வேலை செய்தாள். புருஷன் பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டர். அவர் சைக்கிளில் கிளம்பியதும் அவள் பென்சில்களை ஊசிபோலச் சீவிக்கொண்டு உட்காருவாள். நெகடிவ் கண்ணாடியில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். கத்தியால் சுரண்டிய இடம் கறுக்கும். பென்சிலை அழிக்கலாம், கத்தியை அழிக்க முடியாது. அதனால் கத்தியை அவள் லேசில் எடுக்கமாட்டாள்.

நாலு ஸ்டுடியோக்காரர்கள் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். சின்னக்கடைத் தெரு ஷேக் தாவூதுதான் அதிகம் கொடுப்பவர். கண்ணாடியோடு ஒரு துண்டுச் சீட்டு வரும். அதில் எப்போதும் ஒரே வாசகம்: ‘முகத்தை அழகு செய்யவும்.’

1936 தை மாதம் வந்த சீட்டிலும் அதுவே இருந்தது. கூட்டுறவுச் சங்கத்து குரூப் படம் ஒன்றிலிருந்து ஒரு ஆளை மட்டும் தனியாக நகல் எடுத்த கண்ணாடி அது. மூலப்படத்தில் அந்த முகம் கட்டைவிரல் நகம் அளவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. இருதயமேரி இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு குழியையும் பென்சிலால் நிரப்பினாள். வேலை சுத்தமாக வந்தது. அவளுக்கே திருப்திதான்.

நாலாம் நாள் தாவூதின் வேலையாள் வந்து, பாய் கையோடு கூட்டிவரச் சொன்னார் என்றான்.

ஸ்டுடியோ பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். திருவெள்ளறையிலிருந்து வந்த காளியாயி. அந்தக் கண்ணாடியில் இருந்தவர், செத்துப்போன சின்னையா; அவருடைய பெண்டாட்டி. பக்கத்தில் அவள் கொழுந்தன் பிச்சை, தலைத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு. மேஜைமேல் மாதிரிப் பிரதி கிடந்தது.

“இது யாரு வூட்டு மாப்பிள்ளைங்க?” என்றாள் காளியாயி. கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். “அம்மை போட்டு எந்திரிச்ச மூஞ்சிங்க அது. எட்டு வயசுல பொழைச்சு வந்த ஆளு. அதத் தொடச்சிட்டா அவரு எங்க இருக்காரு இதுல?”

தாவூது பிரதியைக் கையில் எடுத்தார். “எல்லாரும் வழவழன்னுதான் கேக்குறாங்கம்மா…”

இருதயமேரிக்கு முகம் சுட்டது. சீட்டில் இருந்ததைத்தானே செய்தேன் என்று வாய்வரை வந்தது. ஆனால் அந்தச் சீட்டை எழுதியவரும் இந்த அம்மாளைக் கேட்கவில்லை, படித்தவளும் கேட்கவில்லை. அவள் தாவூதிடம் திரும்பினாள்.

“பாய், நல்லவேளை, நான் கத்தி வைக்கல. எல்லாம் பென்சில்தான். டர்பண்டைன் போட்டுத் தொடைச்சா பழையபடி ஆயிடும். ஆனா இந்தத் தடவை சீட்டு வேண்டாம். நானே இவங்ககிட்ட கேட்டுக்கிறேன்.”

“கேளுங்க மேரியம்மா” என்றார் தாவூது. அவருக்கும் அது பெரிய நிம்மதி.

அவள் வீட்டுக்குப் போய், தான் சேர்த்துவைத்திருந்த பழைய பிரதிகளில் மூன்று ஜோடி கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் தொடுவதற்கு முன் ஒன்று, தொட்டபின் ஒன்று. ஒன்றில் தூசியும் கீறலும் மட்டும் போயிருந்தன. இன்னொன்றில் கண்ணுக்குக் கீழே கறுப்பு குறைந்திருந்தது. மூன்றாவதில் கிழவர் ஒருவர் முப்பது வயதுக்காரராக மாறியிருந்தார்.

காளியாயி மூன்றையும் தரையில் பரப்பிப் பார்த்தாள். நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். முதல் ஜோடிமேல் விரலை வைத்தாள்.

“இந்த மாதிரி. அழுக்கு மட்டும் போவட்டும்.”

“இடது கண்ணு பாதி மூடியிருக்கே அம்மா. படம் புடிக்கிறப்போ இமைச்சிட்டாரு. அதத் தெறந்த மாதிரி வரையலாம். ஆனா அது நான் வரைஞ்ச கண்ணாத்தான் இருக்கும், அவரு கண்ணா இருக்காது. படத்துல இல்லாததை நான் கொண்டுவர முடியாது.”

“வேணாங்க. வெயில்ல அப்படித்தான் சுருக்குவாரு.”

பிச்சை தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். “அண்ணி, வெறும் ஒடம்போட வேணாமே. கோட்டுப் போட்டு வச்சா…”

காளியாயி மறுப்பாள் என்றுதான் இருதயமேரி நினைத்தாள். தழும்பைக்கூட விடாதவள் ஆயிற்றே.

“ஆமாங்க, கோட்டு வேணும்” என்றாள் காளியாயி. “எங்க கணக்குப்பிள்ளை போடுற மாதிரி, கழுத்துவரைக்கும் பொத்தான் வச்சது. அவருக்கு ஆசை. தச்சுக்கிற காலம் வரல.”

“வரையலாம். ஆனா கண்ணாடியில இல்ல, பெரிசாப் போட்ட படத்துமேல கறுப்புச் சாக்குக்கட்டியால வரையணும். அது தனி வேலை. முகத்துக்கு ஒரு ரூபா, கோட்டுக்கு மூணு. பத்து நாள் ஆகும். பெரிசாப் போடுற கூலி பாய்க்குத் தனி.” பிறகு கொஞ்சம் மெதுவாகச் சேர்த்தாள். “முகத்தை ஒரு தடவை காட்டுவேன், கோட்டை ஒரு தடவை காட்டுவேன். ரெண்டு தடவையும் நீங்க சொல்றதத் திருத்தித் தரேன், அதுக்குக் காசில்ல. அதுக்கப்புறம் புதுசா ஏதாவது சொன்னா ஒவ்வொண்ணுக்கும் எட்டணா.”

காளியாயி பிச்சையைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். “கறாராச் சொல்லிட்டீங்க. அதுவே நல்லது” என்றாள் அவள்.

கோட்டு எப்படி இருக்கும் என்று வாயால் சொல்லி முடிகிற காரியமில்லை. தாவூது ஸ்டுடியோவில் வாடிக்கைக்காரர்களுக்காகத் தொங்கவிட்டிருந்த கறுப்புக் கோட்டை எடுத்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே தோள் என்று காளியாயி சொன்னதால் பிச்சைக்கு அதை மாட்டினார்கள். குரூப் படத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. இருதயமேரி பிச்சையை அதே பக்கம் வெளிச்சம் விழும்படி உட்காரவைத்தாள். தாவூது ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். பிச்சை மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். காளியாயி அவனைப் பார்க்காமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே இருதயமேரி கண்ணாடியைத் துடைத்தாள். பஞ்சில் கறுப்பு ஏறஏற, தழும்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இரண்டு நாள் உழைப்பு கால் மணியில் போயிற்று. வருத்தமாகத்தான் இருந்தது. அந்த முகத்தை முதல் முறையாக இப்போதுதான் பார்க்கிறோம் என்றும் தோன்றியது.

முதல் தடவை முகத்தைக் காட்டியபோது காளியாயி ஒன்றே ஒன்று சொன்னாள். “காதோரம் ஒரு வெட்டுத் தழும்பு. கீறல்னு நெனச்சு எடுத்துட்டீங்க.” நகல் கண்ணாடியில் அது கீறல் போலவே இருந்ததால் இருதயமேரி அடைத்துவிட்டிருந்தாள். அந்த இடத்துப் பென்சிலை மட்டும் எடுத்தாள்.

இரண்டாம் தடவை கோட்டு. கழுத்துப்பட்டி இறுக்கமாக இருக்கிறது, அவருக்கு மூச்சு முட்டும் என்றாள் காளியாயி. இருதயமேரி சிரிக்கவில்லை. ரப்பரால் அழித்து, நூலளவு இறக்கி வரைந்தாள். அப்போது பிச்சைக்கு இன்னொரு ஆசை வந்தது.

“மீசையக் கொஞ்சம் முறுக்கி விட்டா…”

“எட்டணா” என்றாள் காளியாயி, இருதயமேரி வாயைத் திறப்பதற்குள். “ஒனக்கு வேணும்னா ஒன் மீசைய முறுக்கிக்க.”

தாவூது முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

படம் வாங்க வந்த அன்று, சட்டம் போட்ட படத்தைக் காளியாயி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். தழும்பு முகமும் பாதி மூடிய கண்ணும் கணக்குப்பிள்ளைக் கோட்டுமாகச் சின்னையா அவளைப் பார்த்தார். முந்தானையால் சட்டத்தைப் போர்த்தி, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தாள். வாசலில் நின்று திரும்பி, “நல்லா இருக்காருங்க” என்றாள். படத்தைச் சொன்னாளா ஆளைச் சொன்னாளா என்று இருதயமேரி கேட்கவில்லை.

மறுவாரம் மூன்று கண்ணாடிகள் வந்தன. அதில் ஒன்று ஸ்ரீரங்கத்துக் கல்யாணப் பெண்ணுடையது. சீட்டுக்குப் பதில் அரைத்தாளில் தாவூதின் கையெழுத்து: பெண்ணுக்கு உதட்டோரம் மச்சம், அது இருக்கவேண்டும், நெற்றியில் பரு, அது வேண்டாம், ஸ்டுடியோவில் நீங்கள் விட்டுப்போன மாதிரிகளில் தாயார் காட்டியது இரண்டாவது ஜோடி, ஒரு திருத்தத்துக்குப் பேசியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள்.

இருதயமேரி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு பென்சிலைச் சீவினாள்.