முன்பிரதியோடு போன ஒற்றைத்தாள்

இருபத்தாறு ஸ்டென்சிலும் வெட்டி முடிந்து, ரோனியோ அச்சில் முப்பது பிரதி அடித்து, நூல் கட்டி அடுக்கிய பிறகுதான் எங்கள் கட்டுரையில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிய வந்தது. அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. புத்தூரில் வெங்காயம் செய்கிற ஒரு அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக இரசாயனப் பகுதியில் நான் அப்போது தற்காலிக உதவி விரிவுரையாளர். வருடாவருடம் கடிதம் தந்து நீட்டுவார்கள். நீட்டாமல் விட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த ஆனியில் நேர்முகம் வைத்து ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று கதை. என் கையில் காட்ட இருந்தது அந்த ஒரு கட்டுரைதான். எங்கள் பகுதித் தலைவரும் நானும் சேர்ந்து எழுதியது: புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் உப்பு ஏறுகிறதா என்ற ஆராய்ச்சி. கோடை முழுக்கச் சைக்கிளில் போத்தல்களோடு அலைந்தேன். உப்பை அளக்க வெள்ளி நைத்திரேற்றை மஞ்சள் கரைசலுக்குள் துளித்துளியாக விட்டு, செங்கல் நிறம் தட்டும் இடத்தைப் பார்த்துப் பார்த்து என் விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிற்று. கலியாணப் பேச்சுக்கு வந்தவர்கள் விரலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். போங்கள் என்று விட்டுவிட்டேன்.

சஞ்சிகைக்கு அனுப்புவதற்கு முன் கட்டுரையை விஷயம் தெரிந்த நாலு பேருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பது எங்களில் வழக்கம். அதைத்தான் முன்பிரதி என்போம். மேலே ஒரு தாள் வைக்க வேண்டும்: இது என்ன நிலையிலுள்ள எழுத்து, எதை இதிலிருந்து சொல்ல முடியாது, வாசிப்பவரிடம் எங்களுக்கு என்ன தேவை. தலைவர் சேர் அதை என் தலையில் கட்டிவிட்டார்.

“ரெண்டு வரி எழுதும் பிள்ளை. அன்புடன் அனுப்புகிறோம், கருத்தை அறியத் தரவும். அவ்வளவு காணும்.”

எனக்கு அது போதவில்லை. தண்ணீர் எப்படி எடுத்தோம் என்று ஒரு வரி எழுதப் பார்த்தேன். எழுதும்போது ஒரு சின்னச் சந்தேகம். ஒரு கிணற்றில் எந்த நாளில் எடுத்தேன் என்பது குறிப்பில் தெளிவாக இல்லை. அந்தக் கிணற்றுப் பங்குக்காரியான அக்காவிடம் கேட்கப் போனேன்.

“இதென்ன கேள்வி தங்கச்சி? நீ எப்பவும் எங்கடை முறை நாளிலைதானே வாறனி! முறையில்லாட்டி நான் ஏன் கிணத்தடியிலை நிக்கிறன்?”

அங்கே கிணறுகள் பங்குக் கிணறுகள். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒருவருக்கு இறைப்பு முறை வரும். அன்று விடியத் தொடங்கி இறைப்பு மெஷின் ஓடும். நான் போவதோ பத்து, பதினொரு மணிக்கு. எந்தக் கிணற்றிலும் மெஷின் குழாயில்தான் போத்தலைப் பிடிப்பேன். நிரப்புவது சுகம், பேச்சுத் துணைக்கும் ஆள் இருக்கும். எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் நிற்கிறது. இறைக்க இறைக்க அடியிலிருந்து உப்பு மேலே ஏறும். ஆக நான் ஒரு கிணற்றிலாவது இறைக்காமல் ஆறியிருந்த தண்ணீரை எடுக்கவில்லை! எல்லாமே மணிக்கணக்காக இறைத்துக் களைத்த தண்ணீர். கிணறே உப்பாகிவிட்டது என்று கட்டுரையில் நாங்கள் எழுதியது அவசரப்பட்ட எழுத்து.

திரும்பப் போய் எடுக்கலாம் என்றால் மழை தொடங்கிவிட்டது. திரும்ப அடிக்கலாம் என்றால் ஸ்டென்சில் பெட்டியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அந்த ஒன்றில் முகப்புக் குறிப்பை வெட்டினேன். முதலாம் பந்தியில், இது இன்னும் எந்த மதிப்பீட்டாளரும் பார்க்காத எழுத்து, எங்களைக் கேளாமல் மேற்கோள் காட்ட வேண்டாம் என்றேன். இரண்டாவதில், ஒரே ஒரு கோடையின் அளவுகள் என்றேன். மூன்றாவதில் உள்ளதை உள்ளபடி: எல்லா மாதிரியும் இறைப்பு நடக்கும்போது எடுத்தது, ஆகவே கிணற்றின் நிரந்தர உப்பென்று இதைக் கொள்ள முடியாது, அதற்கு மாறாக எழுதிய ஏழாம் பக்கத்து முடிவை நிறுத்திவைத்து வாசியுங்கள். இறைப்புக்கு முன் எடுத்த அளவு யாரிடமாவது உண்டா, தருவீர்களா என்று கடைசியில் கேட்டேன்.

சேர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எங்கடை கழுத்தை நாங்களே நெரிக்கிறதோ? ஆனியிலை உமக்கு நேர்முகம் இருக்கு, மறந்து போனீரோ?”

“மறக்கேல்லை சேர். பிழை இருக்குதெண்டு தெரிஞ்சும் மூடி அனுப்பச் சொல்லுறியளோ?”

“அடுத்த கோடையிலை திருத்துவம். இப்ப ஏன் ஊருக்குப் பறை அடிக்கிறீர்?”

“அதுவரைக்கும் முப்பது பேர் இதை நம்பிக்கொண்டு இருப்பினம் சேர்.”

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். “அனுப்பும். ஆனா குறிப்புக்குக் கீழை என்ரை பேர் வேண்டாம். நீரே கையெழுத்து வையும்.”

வைத்தேன். கோபத்தில் பேனை தாளைக் கிழிக்காதது அதிசயம். பிறகு வீட்டில் போய் அழுததையும் சொல்ல வேண்டும். என் வேலையை நானே தபாலில் போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ‘கிடைத்தது, நன்றி’ என்று சில கடிதங்கள். ஒருவர் இரண்டாம் அட்டவணையில் கூட்டல் பிழை பிடித்திருந்தார். தைப்பொங்கல் கழிந்து ஒரு தடித்த உறை வந்தது. நீர் வேலைப் பகுதியில் இருந்த ஒரு பொறியியலாளர், முன்பின் தெரியாத மனிதர். உங்கள் குறிப்பின் கடைசியில் கேட்டது என்னிடம் இருக்கிறது என்று எழுதி, விடியற்காலையில் மெஷின் ஓடுமுன் மாதாமாதம் எடுத்த அளவுகளைக் கையால் பிரதி செய்து வைத்திருந்தார். பதினொரு கிணறு. அதில் நாலு என்னுடைய கிணறுகள்!

வைத்துப் பார்த்தேன். அதே கிணறு, அதே மாதங்கள். ஆறிய தண்ணீரில் உப்பு நன்றாகக் குறைவு. ஆனால் அவர் எடுத்தது வேறு வருடம். அதை வைத்து மட்டும் சத்தியம் பண்ண முடியாது. பங்குனியில் மழை ஓய்ந்து இறைப்பு மும்முரமானதும் நானே போனேன். விடிய முன், முதல் தண்ணீர். பிறகு மணிக்கு ஒரு போத்தல். வரைபுத் தாளில் கோடு படிப்படியாக மேலே ஏறியது. அடுத்த முறை நாள் விடியலில் பழைய இடத்துக்கே இறங்கி நின்றது. அடி சக்கை! கிணறு சாகவில்லை, ஓய்வு கேட்கிறது. மெஷினை ஒரே மூச்சாக ஓட்டாமல் விட்டுவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது. பழைய முடிவை வெட்டி எறிந்துவிட்டுக் கட்டுரையைப் புதிதாக எழுதினோம். அக்காவிடம் வரைபைக் காட்டியபோது, “உதைச் சொல்லத்தானோ இவ்வளவு போத்தல்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன், அவருடைய வரம்பில் குந்தியிருந்து, வயிறு நோக.

ஆனியில் நேர்முகம் வந்தது. மேசைக்கு அப்பால் மூவர். எங்கள் சேரும் ஒருவர். கொழும்பிலிருந்து வந்த பெரியவர் முன்னால், தபாலில் போன எங்கள் பழைய முன்பிரதி. ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில்.

“இதை வெட்டி விழுத்திறதுக்கெண்டுதான் இருந்தனான், பிள்ளை,” என்றார். “பம்ப் ஓடேக்கை எடுத்த தண்ணி எண்டு பிடிச்சிட்டன். கடுமையா ஒரு கடிதமும் எழுதத் தொடங்கினனான். பிறகு பாத்தால் இந்த ஒற்றைத்தாள் கழண்டு அடியிலை கிடக்குது. நான் பிடிச்ச பிழை அச்சொட்டா அதிலை இருக்கு. கடிதத்தைக் கிழிச்சுப் போட்டன். உந்தக் குறிப்பை எழுதினது ஆர்?”

நான் வாயைத் திறக்குமுன் எங்கள் சேர் சொன்னார்:

“அவதான். நான் வேண்டாமெண்டு மறிச்சனான். அவ கேக்கேல்லை.”

பெரியவர் மற்றவர்களைப் பார்த்தார். “அப்ப, இனிக் கேக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்று சிரித்து, என் விண்ணப்பக் கோப்பை மூடினார்.